இரண்டு சவரன் சங்கிலியா, ஐந்து வருட வைப்புத்தொகையா? இன்றைய மதிப்பில் ஒரு கணக்கு

தருமபுரி மாவட்டத்தில் பெரும்பாலான வீடுகளுக்குப் பணம் மாதாமாதம் வருவதில்லை, மொத்தமாக வருகிறது. பட்டுக்கூடு ஏலத்துக்குப் போன அன்று வரும், புளி விற்ற பிறகு வரும், பாலக்கோடு பக்கம் தக்காளிக்கு நல்ல விலை கிடைத்த வாரத்தில் வரும். அப்படி வரும் பணம் வீட்டில் இருந்தால் கரைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். "நகையா வாங்கிப் போட்டுடலாம், ஆத்திர அவசரத்துக்கு ஆகும்" என்பார் ஒருவர். "பேங்க்ல போட்டா வட்டி வரும்ல" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்தப் பாடத்தில் அந்தக் கணக்கைப் போடுவோம்.

பெண்ணுக்கு இப்போது பதினாறு வயது, ஐந்து வருடம் கழித்துப் பணம் தேவைப்படும் என்று ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கையில் இரண்டு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் அளவுக்கு இருக்கிறது. இரண்டு சவரன், அதாவது 16 கிராம், 22 காரட் சங்கிலி வாங்கலாமா, அல்லது அதே தொகையை ஐந்து வருடத்துக்கு வங்கியில் போடலாமா என்பதுதான் கேள்வி. சென்னையில் சவரன் விலை 2025 டிசம்பரில் முதல்முறையாக ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நீங்கள் இதைப் படிக்கும்போது விலை வேறாக இருக்கும். கணக்கு எளிதாக இருக்க, சவரன் சரியாக 1,00,000 ரூபாய், கிராம் 12,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

நகைக்கடை ரசீதில் என்ன இருக்கிறது

16 கிராம் தங்கத்தின் விலை 2,00,000 ரூபாய். இதன் மேல் சேதாரமும் செய்கூலியும் சேரும். சாதாரணச் சங்கிலிக்கு இரண்டும் சேர்த்து 12 சதவீதம் என்று கொண்டால் 24,000 ரூபாய். நெருக்கமான வேலைப்பாடு உள்ள நகைக்கு இது இன்னும் கூடும். இந்த 2,24,000 ரூபாய்க்கு 3 சதவீதம் ஜி.எஸ்.டி., அதாவது 6,720 ரூபாய். ஹால்மார்க் கட்டணம் ஒரு நகைக்கு 45 ரூபாயும் அதன் மேல் வரியும். எல்லாம் சேர்த்து கடையில் கொடுப்பது ஏறத்தாழ 2,30,800 ரூபாய்.

இப்போது ஒரு சங்கடமான கேள்வி. அதே சங்கிலியை மறுநாளே கொண்டுபோய் "பணமா கொடுங்க" என்று கேட்டால் எவ்வளவு கிடைக்கும்? சேதாரம் திரும்ப வராது, கூலி திரும்ப வராது, வரியும் வராது. வெறும் தங்கத்தின் விலையிலும் உருக்குக் கழிவு, அழுக்கு, கடையின் லாபம் என்று கொஞ்சம் பிடிப்பார்கள். 3 சதவீதம் பிடித்தால் கையில் வருவது 1,94,000 ரூபாய். ஒரே நாளில் 36,800 ரூபாய் போய்விட்டது, கொடுத்த பணத்தில் 16 சதவீதம். தங்கத்தின் விலை ஒரு ரூபாய்கூட இறங்காமலேயே இந்த நஷ்டம் வந்திருக்கிறது.

"நான் வாங்கும்போது சவரன் இவ்வளவு, இப்ப இவ்வளவு" என்று பேசும்போது இந்த 16 சதவீதம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏனென்றால் அங்கே பலகையில் எழுதிய விலையைப் பலகையில் எழுதிய விலையோடு ஒப்பிடுகிறோம். ஒப்பிட வேண்டியது ரசீதின் கடைசி வரியில் இருக்கும் தொகையையும், விற்கும்போது கைக்கு வரும் தொகையையும்தான்.

வங்கியில் போட்டால்

அதே 2,30,800 ரூபாயை ஐந்து வருட வைப்பில் 6.5 சதவீத வட்டிக்குப் போடுகிறோம் என்று கொள்வோம். வட்டியை இடையில் எடுக்காமல் அசலோடு சேரவிடும் வகை இது. வங்கிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைச் சேர்க்கின்றன. எனவே காலாண்டுக்கு 1.625 சதவீதம், ஐந்து வருடத்தில் 20 தடவை. செல்போன் கால்குலேட்டரில் இப்படிப் போட்டுப் பார்க்கலாம்:

```
1.01625^20 = 1.38
230800 × 1.38 = 318504
```

ஐந்து வருட முடிவில் கையில் வருவது ஏறத்தாழ 3,18,500 ரூபாய். 6.5 என்று சொன்னாலும், காலாண்டுக்கு ஒருமுறை சேருவதால் வருடத்துக்கு உண்மையில் 6.66 சதவீதம் ஆகிறது. இந்தத் தொகைக்கு ஒரு வருட வட்டி இருபதாயிரம் ரூபாயைத் தாண்டாது. பொது வாடிக்கையாளருக்கு ஒரு வங்கியில் வருட வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் மூல வரிப் பிடித்தம் என்ற விதி 2025 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. வேறு வைப்பு இல்லாத குடும்பத்துக்கு இதில் பிடித்தம் வராது.

எதிர்காலப் பணத்தை இன்றைக்குக் கொண்டுவருவது

ஐந்து வருடம் கழித்து வரும் 1,38,000 ரூபாயும் இன்றைக்கு இருக்கும் 1,00,000 ரூபாயும் நம் கணக்கில் சமம். இன்றைக்கு ஒரு லட்சத்தை வங்கியில் போட்டால் அன்றைக்கு 1,38,000 ஆகிவிடுமே! ஆகவே ஐந்து வருடம் கழித்து வரும் எந்தத் தொகையையும் 1.38 ஆல் வகுத்தால் அதன் இன்றைய மதிப்பு வந்துவிடும். இந்த ஒரு வகுத்தல்தான் இந்தப் பாடத்தின் கருவி.

வைப்புத்தொகைக்கு இந்த வகுத்தலைச் செய்தால் போட்ட 2,30,800 ரூபாயே திரும்ப வரும். அது இயல்பு, ஏனென்றால் அதன் வட்டியைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறோம். சங்கிலிக்குச் செய்யும்போதுதான் விஷயம் தெரியும். விற்கும்போது கையில் 3,18,500 ரூபாய் வந்தால்தான் சங்கிலி வைப்புக்குச் சமம். 3 சதவீதக் கழிவு போக அவ்வளவு வர வேண்டுமானால், அன்றைக்குச் சவரன் ஏறத்தாழ 1,64,000 ரூபாயாக இருக்க வேண்டும். வருடத்துக்குச் சராசரியாக 10.4 சதவீத ஏற்றம்.

வைப்பு 6.66 சதவீதம் தரும்போது தங்கம் 10.4 சதவீதம் ஏறினால்தான் இரண்டும் சமம் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நடுவில் இருக்கும் வித்தியாசம் முழுவதும் முதல் நாள் போன அந்த 16 சதவீதம்தான், ஐந்து வருடத்துக்குப் பரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரே வருடத்தில் விற்பதாக இருந்தால் அந்த ஒரு வருடத்திலேயே விலை 27 சதவீதம் ஏற வேண்டும். பத்து வருடம் வைத்திருந்தால் வருடத்துக்கு எட்டரை சதவீதம் போதும்.

தங்கத்தின் விலை எவ்வளவாக இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. 12 சதவீத சேதாரம், 3 சதவீதக் கழிவு, 6.5 சதவீத வட்டி என்றால், வாங்கும் அன்றைய சவரன் விலையை 1.64 ஆல் பெருக்குங்கள். ஐந்து வருடத்தில் விலை அதைத் தாண்ட வேண்டும். சேதாரமும் கூலியும் 8 சதவீதமானால் 1.58, 20 சதவீதமானால் 1.76. கூலி 2 சதவீதம் மட்டும் உள்ள 916 நாணயத்துக்கு 1.49. ரசீதின் பின்பக்கத்தில் இந்தத் தொகையைப் பென்சிலால் எழுதி வைத்தால் பின்னால் உதவும்.

"ஏறும்னு தெரியுமே" என்பவர்களுக்கு

விலை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை எதிர்பார்ப்பாக எழுதுவதற்கு ஒரு வழி உண்டு. மூன்று விதமாக நடக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். நன்றாக ஏறிச் சவரன் 1,75,000 ஆக, பத்துக்கு மூன்று பங்கு வாய்ப்பு. நிதானமாக ஏறி 1,35,000 ஆக, பத்துக்கு நான்கு பங்கு. இறங்கி 90,000 இல் நிற்க, பத்துக்கு மூன்று பங்கு. ஒவ்வொரு விலையையும் அதன் பங்கால் பெருக்கிக் கூட்டினால், 52,500 + 54,000 + 27,000 = 1,33,500 ரூபாய். இதுதான் எதிர்பார்க்கும் சவரன் விலை.

இரண்டு சவரனுக்கு 2,67,000. கழிவு போகக் கையில் 2,58,990. அதை 1.38 ஆல் வகுத்தால் இன்றைய மதிப்பு 1,87,700 ரூபாய். கொடுத்ததோ 2,30,800. ஆக, சங்கிலி இன்றைய மதிப்பில் 43,100 ரூபாய் குறைகிறது. நாணயமாக வாங்கியிருந்தால் கொடுக்கும் தொகை ஏறத்தாழ 2,10,100 ரூபாய்தான், குறைவு 22,400 ரூபாயாகச் சுருங்கும்.

இந்தப் பங்குகள் நான் வைத்தவை. உங்களுக்கு ஒப்பவில்லையென்றால் மாற்றிக்கொள்ளுங்கள். ஏறும் வாய்ப்பைப் பத்துக்கு எட்டு என்று வைத்தால் சங்கிலிகூட ஏறத்தாழச் சமமாக வந்துவிடும். ஆனால் அப்படி வைக்கும்போது இறங்கும் வாய்ப்பை எவ்வளவு சிறிதாக்கினீர்கள் என்பதையும் பாருங்கள். விலைவாசி ஏற்றத்தை ஏன் சேர்க்கவில்லை என்று சிலர் கேட்பார்கள். இரண்டு வழியிலும் வருவது ரூபாய்தான். அன்றைய ரூபாய்க்கு வாங்கும் சக்தி குறைந்தால் இரண்டுக்கும் ஒரே அளவில்தான் குறையும். எது மேல் என்பது அதனால் மாறாது.

இரண்டு விதமான ஐந்து வருடமும் நம் கண் முன்னால் நடந்திருக்கின்றன. 2012 இறுதியில் சவரன் 24,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 2015 நடுவில் 19,000 ரூபாய் அளவுக்கு வந்தது. 2017 இறுதியில்கூட 22,000 ரூபாய்க்குச் சற்று மேல்தான். இதே 16 சதவீதத்தைக் கழித்தால், 2012 இல் நகையில் போட்ட ஒரு லட்சம் ஐந்து வருடத்தில் 78,000 ரூபாய் அளவில் நின்றது. அப்போது வங்கி வட்டி எட்டரை சதவீத அளவில் இருந்ததால் வைப்பில் போட்ட லட்சம் 1,52,000 ஆனது. அடுத்த படம் நேர் எதிர். 2020 இறுதியில் 38,000 ரூபாய் அளவில் இருந்த சவரன் ஐந்து வருடத்தில் லட்சத்தைத் தொட்டது. கழிவு போனாலும் நகையில் போட்ட லட்சம் 2,20,000 ரூபாய்க்கு மேல். வட்டி 5.4 சதவீதமாக இறங்கியிருந்த காலம் அது, வைப்பில் போட்ட லட்சம் 1,31,000 ரூபாயோடு நின்றது. இரண்டாவது ஐந்து வருடம் பக்கத்தில் இருப்பதால் அதுவே நினைவில் நிற்கிறது.

விற்கவா, போடவா?

இதுவரை போட்ட கணக்கு ஐந்து வருடம் கழித்து நகையை விற்றுப் பணமாக்கும் குடும்பத்துக்கு. கல்லூரிக் கட்டணம், போர்வெல், வீட்டு வேலை என்று தேவை பணமாக இருந்தால் இதுதான் சரியான கணக்கு. ஆனால் நம் ஊரில் பலருக்குத் தேவை பணமல்ல, நகையேதான். "பொண்ணுக்குக் கல்யாணத்துல ரெண்டு சவரன் போட்டே ஆகணும்" என்பவர் சங்கிலியை விற்கப்போவதில்லை. அவருடைய கேள்வி வேறு: இப்போதே வாங்கி வைக்கலாமா, வைப்பில் போட்டு அப்போது வாங்கலாமா?

அவருக்குச் சேதாரமும் கூலியும் வரியும் இரண்டு வழியிலும் உண்டு, இன்றைக்குக் கொடுக்கிறார் அல்லது அன்றைக்குக் கொடுக்கிறார். விற்கும்போது வரும் கழிவு கிடையவே கிடையாது. வைப்பு முடிந்து வரும் 3,18,500 ரூபாயில் அதே மாதிரி சங்கிலி வாங்க வேண்டுமானால் அன்றைய சவரன் 1,38,000 ரூபாய் வரை இருக்கலாம். அதற்கு மேலே போனால் இன்றைக்கே வாங்கியவருக்கு லாபம், கீழே இருந்தால் காத்திருந்தவருக்கு லாபம். விற்பவருக்கு 1,64,000 என்ற எல்லை, போடுபவருக்கு 1,38,000 ஆக இறங்கிவிட்டது.

நாம் எதிர்பார்த்த 1,33,500 ரூபாய் இந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த விலையில் சங்கிலி 3,08,000 ரூபாய் ஆகும், வைப்பில் பத்தாயிரம் ரூபாய் மிஞ்சும். சவரன் 1,75,000 ஆகிவிட்டால் சங்கிலி 4,03,800 ரூபாய், கையில் 85,000 ரூபாய் துண்டு விழும். கல்யாணத் தேதி குறித்த பிறகு அந்தத் துண்டு விழுந்தால் கடன்தான். ஆகவே நகைதான் தேவை என்று உறுதியாக இருப்பவருக்கு இன்றே தங்கம் வாங்குவது பேராசை அல்ல, விலையைப் பூட்டி வைப்பது. அதுவும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு இன்றைய டிசைனில் வாங்கினால் ஐந்து வருடம் கழித்து "இது பழைய மாடல்மா" என்று மாற்றச் சொல்லுவாள். மாற்றும்போது புது நகையின் சேதாரமும் கூலியும் மறுபடி முதலிலிருந்து. இந்தக் குடும்பத்துக்குக் கூலி குறைந்த 916 நாணயமே பொருந்தும் என்பது என் கருத்து. கல்யாணத்தின்போது கொடுத்து நகையாக்கிக்கொள்ளலாம்.

வெறுமனே போட்டு அழகு பார்க்கத்தான் சங்கிலி என்றால் அதையும் கணக்கில் எழுதலாம். இன்றைய மதிப்பில் குறைந்த 43,100 ரூபாயை ஐந்து வருடத்துக்குச் சமமாகப் பிரித்தால், வட்டியும் சேர்த்து, மாதம் 840 ரூபாய் அளவு வரும். அந்தச் சங்கிலியைக் கழுத்தில் போடுவதற்கான வாடகை அது. தினமும் போடுபவருக்கு அது பெரிய தொகையாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் பீரோவிலேயே தூங்கும் நகைக்கு யாரும் வாடகை கொடுக்க மாட்டார்கள்.

கணக்கு தப்பும் இடங்கள்

நகைப் பக்கம் முதல் ஆபத்து எடை. கல் வைத்த நகையில் மொத்த எடை 18 கிராம், நிகர எடை 16 கிராம் என்று இருக்கலாம். வாங்கும்போது கல்லும் தங்க விலையில் போயிருந்தால், விற்கும்போது 16 கிராமுக்குத்தான் பணம் வரும். இரண்டு கிராம் என்பது நம் கணக்கில் 25,000 ரூபாய். ரசீதில் நிகர எடை, தூய்மை, ஹால்மார்க் கட்டணம் மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான நகைகளை ஆறு எழுத்து எண் கொண்ட HUID இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. அந்த எண்ணை BIS Care செயலியில் Verify HUID என்ற இடத்தில் போட்டால் நகையின் வகையும் தூய்மையும் தெரியும். சங்கிலியில் இருக்கும் எண்ணைப் போட்டு, அங்கே மோதிரம் என்று வந்தால் அந்த நகையை வாங்காதீர்கள். ரசீது தர மறுத்தாலோ ஏமாற்றினாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம்.

வைப்புப் பக்கம் ஆபத்து பாதியில் உடைப்பது. இரண்டாவது வருடமே உடைத்தால் 6.5 சதவீதம் கிடைக்காது. போட்ட அன்று இரண்டு வருடத்துக்கு என்ன வட்டியோ அதிலிருந்து அரை அல்லது ஒரு சதவீதம் குறைத்துத்தான் தருவார்கள். இருந்தாலும் அசல் குறையாது. 2,30,800 ரூபாயை ஒரே ரசீதாகப் போடாமல் மூன்று ரசீதாகப் போட்டால், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. கூட்டுறவு வங்கிகளுக்கும் இது உண்டு, ஆனால் ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இந்தக் காப்பீட்டில் வராது.

கடைசியாக, அடகு. மழை தப்பிய வருடத்தில் நகையை விற்பதில்லை, கூட்டுறவுச் சங்கத்தில் வைத்துப் பணம் எடுக்கிறோம், அதனால் நகைதான் கைகொடுக்கும் என்பது நியாயமான பேச்சு. ஆனால் மதிப்பீட்டாளர் நிகர எடையைத்தான் பார்ப்பார், சேதாரமும் கூலியும் அவர் கணக்கில் வராது. ரிசர்வ் வங்கி விதிப்படி 2026 ஏப்ரல் முதல் இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான நுகர்வுக் கடனுக்கு நகை மதிப்பில் அதிகபட்சம் 85 சதவீதம் தரலாம். நம் சங்கிலிக்கு அது 1,70,000 ரூபாய். வைப்பு ரசீதின் மேலும் வங்கியில் கடன் உண்டு. வழக்கமாக அசலில் 90 சதவீதம் வரை, வைப்பு வட்டிக்கு மேல் ஒன்று இரண்டு சதவீதம் கூடுதல் வட்டியில் தருவார்கள். நம் தொகைக்கு அது 2,07,700 ரூபாய்.